திங்கட்கிழமை எடை சொல்லும் பொய்

போன மாசம் ஒரு கல்யாணத்துல பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டு நின்னப்போ, பழைய ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வயித்தைத் தடவிக்கிட்டே சொன்னார். "ஒரு மாசமா ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கிட்டேன் பாஸ். நூறு கிராம் கூட இறங்கல. போடான்னு விட்டுட்டேன்."

இறங்கலைன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். திங்கட்கிழமை தோறும் காலையில எடை பாக்கறாராம். நாலு திங்கள் பார்த்தாச்சு, முள் அதே இடத்துலயே நிக்குதாம். தினமும் பாக்கலாமே அப்படின்னேன். "ஐயோ, எங்க ஜிம் மாஸ்டர் தினமும் பாக்கவே கூடாதுன்னுட்டார். பைத்தியம் புடிச்சிருமாம்!"

அந்த ஜிம் மாஸ்டரை எனக்குத் தெரியாது. ஆனா அவர் சொன்ன இந்த வாக்கியத்தை நல்லாத் தெரியும். வாட்ஸப் ஃபார்வர்டுல வருது, வாரப் பத்திரிகை டயட் பக்கத்துல வருது, பக்கத்து வீட்டு மாமியும் சொல்றாங்க. வாரம் ஒரு தடவை, ஒரே நாள், ஒரே நேரம். கேக்க எவ்வளவு ஒழுங்கா இருக்கு! இந்த ஒழுங்கான அறிவுரையாலதான் உருப்படியா இளைச்சுக்கிட்டு இருந்த ஒரு மனுஷன் பாதியில விட்டுட்டார்னு நான் சொல்றேன். சும்மா சொல்லல, ரெண்டு வருஷம் முன்னாடி நானே அதே மாதிரி ஏமாந்தவன். கையில நோட்டு இருக்கு.

அப்போ நான் செஞ்சது பெரிய தவம் ஒண்ணும் இல்லீங்க. சாயங்காலம் ஆபீஸ் கேன்டீன்ல ரெண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போகும், அதை நிறுத்தினேன். ராத்திரி ஒரு தோசை குறைச்சேன். அவ்வளவுதான். திங்கட்கிழமை கணக்கு இப்படி வந்தது: 85.1, 84.9, 84.7, 85.3. நாலாவது திங்கள் அன்னிக்கு மெஷின் மேலேயே நின்னு அதை முறைச்சுப் பார்த்தேன். வடையை விட்டதுக்கு 200 கிராம் கூடியிருக்கு! அன்னிக்குச் சாயங்காலம் கேன்டீன்ல மூணு வடை சாப்பிட்டேன், பழிவாங்கற மாதிரி.

என்னைக் காப்பாத்தினது ஒழுக்கம் இல்லை, சோம்பேறித்தனம். மெஷின் பாத்ரூம் வாசல்லயே கிடந்ததால மத்த நாளும் ஏறி ஏறி எழுதி வச்சிருந்தேன், திங்கள் மட்டும்தான் 'அஃபிஷியல்'. அந்த வாரத்துலயே ஒரு நாள் பொழுது போகாம நோட்டைப் புரட்டினேன். முதல் வாரம் திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும் 85.1, 84.6, 84.3, 84.2, 84.0, 84.1, 84.2. ஏழையும் கூட்டி ஏழால வகுத்தா 84.4. ரெண்டாவது வாரம் 84.1. மூணாவது 83.8. மூணு வடை சாப்பிட்ட அந்த நாலாவது வாரம் கூட 83.7-ல முடிஞ்சது. அஞ்சாவது வாரம் 83.2.

இப்போ ரெண்டு வரிசையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. திங்கட்கிழமைகள் எடை கூடுதுன்னு சொல்லுது. சராசரிகள் வாரத்துக்குச் சுமார் 300 கிராம் இறங்குதுன்னு சொல்லுது. ஒரே ஆள், ஒரே மெஷின், ஒரே மாசம். பொய் சொன்னது யாரு?

திங்கட்கிழமைதான். காரணம் ஞாயித்துக்கிழமை. எங்க வீட்டுல ஞாயிறு மத்தியானம் பிரியாணியோ, மீன் குழம்போ, விருந்தோ ஏதோ ஒண்ணு உண்டு. நோட்டுல ஒவ்வொரு வாரமும் ஒரே கதைதான். திங்கள் உச்சத்துல நிக்கும், வெள்ளி வரைக்கும் படிப்படியா இறங்கும், சனி ஞாயிறு லேசா அசையும். 'ஒரே நாள்ல பார்த்தா அந்த ஏத்தம் எல்லா வாரமும் ஒண்ணாத்தானே இருக்கும், கழிஞ்சு போயிடுமே'ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். எல்லா ஞாயிறும் ஒண்ணா இருந்தா கழியும். மூணாவது வாரத்து ஞாயிறு ஒரு கல்யாணம். காலையில 83.5 இருந்தவன் மறுநாள் திங்கள் காலையில 85.3. ஒரே நாள்ல 1.8 கிலோ.

இந்த 1.8 கிலோ கொழுப்பா? கணக்குப் போடுவோம். உடம்புல ஒரு கிலோ கொழுப்பு சேரணும்னா தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி உள்ளே போகணும். 1.8 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 13,900 கலோரி. நான் பந்தியில நல்லாவே சாப்பிடுவேன், ரெண்டு தடவை பாயாசம் வாங்குவேன், ஒத்துக்கறேன். ஆனா வழக்கமான சாப்பாட்டைப் போல அஞ்சாறு நாள் சாப்பாட்டை அதிகப்படியா ஒரே நாள்ல முழுங்கற வித்தை எனக்குத் தெரியாது.

அப்போ அது என்ன? பெரும்பாலும் தண்ணி. உப்பு போனா, அதைச் சரியான அளவுல கரைச்சு வைக்க உடம்பு தண்ணியைப் புடிச்சு வச்சுக்கும். ஆஸ்பத்திரியில ஏத்தற சலைன் பாட்டில்ல லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கு, அது நம்ம ரத்தத்தோட உப்புத்தன்மைக்கு ஏத்த அளவு. அந்தக் கணக்குல ஊறுகாய், அப்பளம், சாம்பார், வத்தக்குழம்புன்னு 5 கிராம் உப்பு கூடுதலா உள்ளே போனா, சிறுநீரகம் அதை வெளியே தள்ளி முடிக்கற வரைக்கும் அரை லிட்டர் தண்ணி, அதாவது அரை கிலோ, உடம்புல உக்காந்திருக்கலாம். அடுத்து சோறும் இனிப்பும். மாவுச்சத்துல ஒரு பங்கைக் கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனா சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோட சுமார் 3 கிராம் தண்ணியும் சேர்ந்து உக்காரும். இதுக்கு மேல, சாப்பிட்டதுல ஒரு பகுதி இன்னும் குடல்லயே இருக்கும், அதுக்கும் எடை உண்டு. மூணு நாள்ல இதெல்லாம் கரைஞ்சு போயிடும். என் நோட்டுலயும் போச்சு. 85.3, 84.4, 83.7, 83.2.

பேலியோ, கீட்டோன்னு ஆரம்பிக்கறவங்க முதல் வாரத்துல மூணு கிலோ இறங்கிட்டேன்னு கொண்டாடறதும் இதே தண்ணிதான், எதிர்த்திசையில. சோத்தை நிறுத்தினதும் கிளைக்கோஜன் தீருது, அதோட தண்ணியும் போகுது. அந்த மூணு கிலோவைச் சொல்லிச் சொல்லிக் காசு பாக்கறவங்களைப் பத்தித் தனியாத்தான் எழுதணும், இங்க வேண்டாம்.

இதுல கவனிக்க வேண்டியது அளவு. தண்ணி ஒரு நாளைக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோன்னு ஆடும். நான் உண்மையில இழந்த கொழுப்போ வாரத்துக்கு 300 கிராம், ஒரு நாளைக்கு நாப்பது கிராம் சொச்சம். ரயில் போகும்போது பக்கத்துல ஒருத்தர் காதுல ரகசியம் சொல்ற மாதிரி அது. வாரத்துக்கு ஒரே ஒரு தடவை, அதுவும் ரயில் போற நேரமாப் பார்த்துக் காதைக் கொடுத்தா என்ன கேக்கும்?

ஏழு நாள் சராசரிங்கறது இங்கதான் வேலை செய்யுது. ஏழு எதுக்குன்னா அதுல ஒரு திங்கள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு எல்லாம் தவறாம இருக்கும். நம்ம வாழ்க்கை வாரக்கணக்குல சுத்தறதால அந்த ஏத்த இறக்கம் பெரும்பாலும் உள்ளுக்குள்ளேயே கழிஞ்சுடும். அஞ்சு நாள் சராசரி, பத்து நாள் சராசரி எடுத்தீங்கன்னா ஒரு தடவை ரெண்டு ஞாயிறு மாட்டும், இன்னொரு தடவை ஒண்ணு கூட மாட்டாது. கணக்குப் போடறதுக்கு மேத்ஸ் டிகிரி எல்லாம் வேண்டாம். எக்செல்லோ கூகுள் ஷீட்டோ, பி வரிசையில எடையை அடிச்சுட்டு இதைப் போடுங்க:

```
=AVERAGE(B2:B8)
```

ஏதாவது ஒரு நாள் விட்டுப் போனா அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க, பூஜ்யம் போடாதீங்க. காலிக் கட்டத்தை அது கணக்குல எடுக்காது. பூஜ்யத்தை எடுக்கும், நீங்க ஒரே வாரத்துல பன்னெண்டு கிலோ இளைச்சுருவீங்க :-)

கம்ப்யூட்டர் ஆசாமிகளுக்கு இது புதுசும் இல்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஜான் வாக்கர் 1991-ல 'தி ஹேக்கர்ஸ் டயட்'னு ஒரு புத்தகம் எழுதினார். அதுல அவர் சொன்னதும் தினமும் பாரு, ஆனா அன்னன்னிக்கு எண்ணை நம்பாதேங்கறதுதான். அவர் வழி கொஞ்சம் வேற. நேத்து வரைக்கும் போக்கு 84.0, இன்னிக்கு மெஷின் 85.3 காட்டுதுன்னு வைங்க. வித்தியாசம் 1.3, அதுல பத்துல ஒரு பங்கு 0.13. அதை மட்டும் போக்கோட சேர்த்தா 84.1. கல்யாணச் சாப்பாடு கத்தினாலும் பத்துல ஒரு பங்கு சத்தம்தான் உள்ளே வரும். எனக்கு வாரச் சராசரியே போதுமா இருக்கு, வீட்டுல இருக்கறவங்களுக்கும் விளக்கிச் சொல்ல முடியுது.

ஜிம் மாஸ்டருக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். தினமும் பார்த்து தினமும் நம்பறவங்க இருக்காங்க. எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் உண்டு. காலையில 600 கிராம் கூடியிருந்தா அன்னிக்கு மத்தியானம் பட்டினி, 400 கிராம் குறைஞ்சிருந்தா சாயங்காலம் பஃப்ஸ். அவரோட சாப்பாட்டை முந்தின நாள் உப்புதான் தீர்மானிக்குது. அவரைப் பார்த்துத்தான் மாஸ்டர்கள் 'தினமும் பாக்காதே'ன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கணும். நோயைச் சரியாத்தான் பார்த்திருக்காங்க, மருந்துதான் தப்பு. தப்பு தினமும் பாக்கறதுல இல்லை, தனி எண்ணைப் படிக்கறதுல இருக்கு. வாரத்துக்கு ஒண்ணு பாக்கறவரும் தனி எண்ணைத்தான் படிக்கறார், இன்னும் குறைச்சலா, இன்னும் அதிக நம்பிக்கையோட.

எண்ணைப் பார்த்தாலே மனசு நொறுங்கறவங்க, சாப்பாட்டோடயே சண்டை போட்டு அதுக்காக வைத்தியம் பாக்கறவங்க, இவங்களுக்கு நான் சொல்றது பொருந்தாது. அவங்க மெஷினைப் பரண்ல போட்டுடறது நல்லது. அதே மாதிரி வாரத்துக்கு ஒண்ணுதான் முடியும்னா, திங்களை விட்டுட்டு வெள்ளிக்கிழமை பாருங்க. விருந்துத் தண்ணி வடிஞ்சிருக்கும், கொஞ்சம் பரவாயில்லை.

இனி சராசரியும் எப்படி ஏமாத்தும்னு சொல்லியாகணும், இல்லேன்னா பின்னூட்டத்துல வந்து கும்முவீங்க.

முதல்ல, நாமளே பண்ற கள்ளத்தனம். அஞ்சாவது வாரத்துக்கு அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துது. விருந்து சாப்பிட்ட மறுநாள் காலையில 'நேரமாச்சு'ன்னு மெஷின்ல ஏறாம கிளம்பிடுவேன். நாலு நாள், அஞ்சு நாள் அளவு இருந்தாலே சராசரி ஓரளவு சரியாத்தான் வரும். ஆனா விட்டுப் போறது எப்பவும் திங்கள்னா அது வேற கதை. முதல் வாரத்துல இருந்து திங்களை மட்டும் தூக்கிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்க, 84.4 இருந்தது 84.2 ஆயிடும். ஒரு வாரம் திங்களோடயும் அடுத்த வாரம் திங்கள் இல்லாமலும் ஒப்பிட்டா, ஒண்ணுமே செய்யாம 200 கிராம் இளைச்ச மாதிரி ஆயிடும். ஏறப் பயமா இருக்கற அன்னிக்குத்தான் கட்டாயம் ஏறணும்.

அடுத்தது மெஷின். சில டிஜிட்டல் மெஷின்களுக்கு ஞாபக சக்தி உண்டு. கொஞ்ச நேரத்துல திரும்ப ஏறினா, வித்தியாசம் கம்மியா இருந்தா பழைய எண்ணையே காட்டி 'நான் எவ்வளவு துல்லியம் பார்'னு பீத்திக்கும். சோதிக்கணும்னா ஏறுங்க, இறங்குங்க, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டு ஏறுங்க, அப்புறம் பாட்டில் இல்லாம மறுபடி ஏறுங்க. ரெண்டு கிலோ கூடி, திரும்ப முதல் எண்ணுக்குப் பக்கத்துல வரணும். மிதியடி மேலயும் ஆடற டைல்ஸ் மேலயும் வைக்காதீங்க, ஒரே இடத்துல வைங்க. காலையில கக்கூஸ் போயிட்டு வந்து, காபிக்கு முன்னாடி. ஒரு டம்ளர் காபி 150 கிராம், ஞாபகம் இருக்கட்டும். மெஷின் ஒரு கிலோ கூடக் காட்டினாலும் பரவாயில்லை, எப்பவும் அதே ஒரு கிலோ கூடக் காட்டினாச் சரி. நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே. (ரயில்வே ஸ்டேஷன்ல காசு போட்டா எடையோட ஜோசியமும் அடிச்சுத் தர்ற அட்டை மெஷின் ஒரு காலத்துல இருந்துது. அதுல எடையை விட ஜோசியம் சரியா இருக்கும்னு எங்க தாத்தா சொல்வார்.)

பெண்களுக்கு வாரச் சராசரி மட்டும் போதாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது தங்கமணி. என்னோட வெற்றியைப் பார்த்து அவளும் நோட்டு போட்டா. முதல் வாரம் 68.3, ரெண்டாவது 68.0, மூணாவது 68.2, நாலாவது 68.9. "உங்க சராசரியைக் கொண்டு போய் உடைப்புல போடுங்க" அப்படின்னா. மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல நிறையப் பேருக்கு உடம்பு தண்ணி புடிக்கும், அது வாரம் முழுக்க இருக்கும், ஏழு நாள் சராசரியால அதைக் கழிக்க முடியாது. ஏன்னா அந்தச் சுழற்சி ஏழு நாள் இல்லை, ஒரு மாசம். அதனால இந்த மாசம் மாதவிடாய்க்கு முந்தின வாரத்தைப் போன மாசத்து அதே வாரத்தோட ஒப்பிடணும். அடுத்த மாசம் அவளோட நாலு வாரம் 67.5, 67.1, 67.4, 68.1. நாலாவது வாரம் மறுபடி ஏறித்தான் இருக்கு, ஆனா போன மாசத்து நாலாவது வாரத்தை விட 800 கிராம் கம்மி. ஒரு மாசம் பொறுக்காம நாலாவது வாரத்தோட விட்டிருந்தா அவளும் அந்தக் கல்யாணப் பந்தி நண்பர் மாதிரிதான்.

எப்போ முடிவெடுக்கலாம்? என் வழக்கம் இது. ஒரு வாரச் சராசரி ஏறினா ஒண்ணும் செய்யறதில்லை. என் நாலாவது வாரம் 100 கிராம்தான் இறங்குச்சு, காரணம் கல்யாணம், அடுத்த வாரம் 500 இறங்கிச் சரிக்கட்டிடுச்சு. மூணு நாலு வாரச் சராசரி தொடர்ந்து ஒரே இடத்துல நின்னாத்தான் சாப்பாட்டுல கை வைப்பேன். அப்பவும் கணக்கு உதவுது. முதல் வாரத்துல இருந்து அஞ்சாவது வாரத்துக்கு 1.2 கிலோ, நாலு வார இடைவெளி, அப்போ வாரத்துக்கு 0.3. அதை 7,700-ஆல பெருக்கி ஏழால வகுத்தா ஒரு நாளைக்கு 330 கலோரி. உத்தேசமான கணக்குதான், முதல் சில வாரத்துல தண்ணியும் அதுல ஒளிஞ்சிருக்கும். இருந்தாலும் ரெண்டு வடை, ஒரு டீ, ஒரு தோசைக்கு இது நம்பற மாதிரியான எண். மெஷின் சொல்றதும் தட்டு சொல்றதும் ஒத்துப்போனா நோட்டு சரியாப் போகுதுன்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. இதை எழுதறதுக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

போன வருஷம் அப்பாவுக்கு இதயத்தோட பம்ப்பிங் குறைஞ்சிருக்குன்னு சொல்லி நீர் மாத்திரை கொடுத்தாங்க. தினமும் காலையில எடை பார்த்து எழுதச் சொன்னார் டாக்டர். எங்க வீட்டுல எடை நோட்டுக்கு அதாரிட்டி யாரு? நான்தான். ஒரு வாரம் 61.2, 61.8, 62.4, 63.0-ன்னு வரிசையா ஏறிச்சு. அப்பா கவலையாக் கேட்டார். நான் எல்லாம் தெரிஞ்சவன் மாதிரி, "ஒத்தை எண்ணைப் பாக்காதீங்கப்பா, ஊறுகாய் உப்பா இருக்கும், ஞாயித்துக்கிழமை சராசரி எடுத்துப் பாப்போம்"னேன்.

அம்மா ஒண்ணும் சொல்லல. அப்பாவோட கணுக்காலைக் கட்டைவிரலால அழுத்தி எடுத்தாங்க. குழி அப்படியே நின்னுது. அன்னிக்குச் சாயங்காலமே டாக்டர்கிட்ட ஓடினோம். நோட்டைப் பார்த்துட்டு அவர் கேட்டார், "ரெண்டாவது நாளே ஏன் போன் பண்ணல? உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" எனக்கு வாய் வரல. நான் சத்தம்னு சொல்லித் தள்ளிவிடற தண்ணியைத்தான் அவர் அந்த நோட்டுல தேடறார். இதயம் பலவீனமா இருக்கறவங்களுக்கு ஒரே நாள்ல ஒரு கிலோவோ, ஒரு வாரத்துல ரெண்டு கிலோவோ கூடினா அது வாரக்கடைசி வரைக்கும் காத்திருக்கற விஷயம் இல்லை. எவ்வளவு கூடினாக் கூப்பிடணும்னு அவங்கவங்க டாக்டரே எண்ணைச் சொல்லிடுவார். எங்களுக்கும் சொல்லியிருந்தார், நான்தான் காதுல வாங்கல. மூச்சுத் திணறல் வரைக்கும் போகாம மாத்திரையைக் கூட்டினதுலயே சரியாச்சு.

இப்போ அப்பாவோட நோட்டு அம்மாகிட்ட இருக்கு. சராசரிக்குன்னு நான் போட்டுக் கொடுத்த கட்டத்தை அடிச்சுட்டு, அந்த இடத்துல டாக்டர் போன் நம்பரை எழுதி வச்சிருக்காங்க.